உதடு அசையுது, குரல் வரலையா?

2006-ல் பட்டன் போனில் எடுத்த தாத்தாவின் வீடியோவை இன்றைய போனில் போட்டால், உதடு அசைகிறது, குரல் வரவில்லை. 'கெட்டுப்போச்சு' என்று உடனே அழித்துவிடாதீர்கள்!

அந்தக் கால போன்கள் வீடியோவை 3gp ஃபைலாகச் சேமித்தன. அதில் பேச்சு ஏ.எம்.ஆர். என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும். இன்றைய பிளேயர்கள் பலவற்றுக்கு அந்த முறை புரியாது. ஃபைல் பெயரில் 3gp-ஐ mp4 என்று மாற்றுவதால் பயனில்லை. உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

முதலில் கம்ப்யூட்டரில் VLC பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். குரல் கேட்டால் ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு HandBrake என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, Fast 480p30-ஐத் தேர்ந்தெடுத்து, Start அழுத்துங்கள். எந்த போனிலும் ஓடக்கூடிய mp4 தயார். பழைய படம் பெரும்பாலும் 176×144 புள்ளிகள்தான் என்பதால் தெளிவு கூடாது. குரல் திரும்பக் கிடைக்கும்.

புதிய ஃபைலைக் கடைசிவரை ஓட்டி, உதடும் குரலும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். அதனால் பழைய 3gp-ஐ அழிக்காமல் தனி பென்டிரைவில் வையுங்கள்.