அக்கரை மூணு, இக்கரை மூணு

போன வருஷம் எங்க பக்கத்து ஆறு ஊர் சேர்ந்து ஒரு கபடி லீக் நடத்தினோம். வழக்கமா நடக்கிற மாதிரி ஒரே ராத்திரியில தோத்தவன் வெளியே போற ஆட்டம் இல்லை. ஒவ்வொரு ஊரும் மத்த அஞ்சு ஊரோடும் ஒரு தடவை மோதணும், ஞாயித்துக்கிழமைக்கு மூணு ஆட்டம், மொத்தம் பதினஞ்சு ஆட்டம், அஞ்சு வாரத்தில் முடிக்கணும். ஜனவரி கடைசி ஞாயிறு ஆரம்பிச்சா பிப்ரவரியோட முடிஞ்சிடும், மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை வந்தாலும் தொந்தரவு இல்லைன்னு கணக்கு. கணக்கு என்னவோ சரிதான். அட்டவணை போட்ட விதம்தான் கெடுத்துச்சு.

ஆத்துக்கு அக்கரையில மூணு ஊர், இக்கரையில மூணு ஊர். டீக்கடையில உக்காந்து கமிட்டி முடிவு பண்ணுச்சு: "முதல்ல அக்கரைக்கும் இக்கரைக்கும் மோத விடுவோம், கூட்டம் அள்ளும்." ரெண்டு டம்ளர்ல சீட்டு போட்டு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு எடுத்தாங்க. ஏற்கனவே மோதின ஜோடி வந்தா சீட்டைத் திருப்பிப் போட்டுட்டு வேற எடுத்தாங்க. நானும் அங்கதான் இருந்தேன், தலையாட்டினேன். மூணு வாரம், ஒன்பது ஆட்டம், ஒரு ஜோடிகூட ரெண்டாவது தடவை வரலை. கூட்டமும் நல்லா வந்துச்சு.

நாலாவது வாரம் டம்ளரைக் கையில எடுத்தப்பதான் உறைச்சுது. அக்கரை ஊர் மூணும் இக்கரை மூணோடும் ஆடி முடிச்சாச்சு. மீதி இருக்கிறது அக்கரைக்காரங்க தங்களுக்குள்ள மூணு ஆட்டம், இக்கரைக்காரங்க தங்களுக்குள்ள மூணு ஆட்டம். மூணு பேர்ல ரெண்டு பேர் ஆடினா ஒருத்தர் சும்மா நிக்கணும். ரெண்டு கரையிலயும் இதே கதை. ஆக ஒரு ஞாயித்துக்கு மூணு ஆட்டம் இனி நடக்கவே நடக்காது, ரெண்டுதான். ஆறு ஆட்டத்துக்கு ரெண்டு வாரம் போதும்னு நினைச்ச இடத்தில் மூணு வாரம் ஆச்சு. ஆறாவது ஞாயிறு மார்ச்சில் போய் விழுந்துச்சு. அக்கரையில ஒரு ஊருக்குப் பரீட்சை எழுதுற ரெண்டு பையன்கள் வரலை, ஆட்டம் போச்சு.

அதே ஊருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்துச்சு. எந்தக் களத்தில் ஆடுறதுன்னு வாராவாரம் காசு சுண்டிதான் முடிவு பண்ணினோம். அவங்களுக்கு அஞ்சில் ஒரே ஒரு ஆட்டம்தான் சொந்தக் களம். எங்க ஊருக்கு நாலு! கபடிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஊர் மண் பூ மாதிரி இருக்கும், இன்னொரு ஊர்ல முழங்கால் தோல் உரியும்; பழகின கால் வேற, பழகாத கால் வேற. அதோட நாலு வாரம் குட்டியானை வாடகை கொடுத்துப் பையன்களை ஏத்திட்டு வந்தது அவங்கதான். "காசு சுண்டிதானே போட்டோம், யாரும் ஏமாத்தலையே" என்றார் எங்க கமிட்டிப் பெரியவர். யாரும் ஏமாத்தலைதான். ஆனா சுண்டின காசுக்குப் போன வாரம் என்ன விழுந்ததுன்னு ஞாபகம் இருக்காதே.

சீட்டு ஒரே ஒரு தடவை, முதல் நாள் மட்டும் எடுக்கணும்கிறது என் கட்சி. எந்த ஊருக்கு எந்த எண் என்பதை மட்டும் சீட்டு சொல்லட்டும். மத்ததை முறையா வரிசை போட்டு ஓட்டிடலாம். வெளியூர்ப் போட்டிகளுக்கு நடுவரா போய்வந்த ஒரு விளையாட்டு வாத்தியார் எனக்குக் காட்டினது இது. திண்ணையில ஆறு புளியங்கொட்டையை வெச்சே பண்ணிடலாம்.

மேல் வரிசையில் 6, 2, 3. அதுக்கு நேர் கீழே 1, 5, 4. மேலே கீழே எதிரெதிரா இருக்கிறவங்க அந்த வாரம் மோதணும். அடுத்த வாரத்துக்கு 6 மட்டும் இடத்தை விட்டு அசையாது. மத்த அஞ்சும் ஒரு இடம் நகரும்: மேலே இருக்கிறது இடப்பக்கம், கீழே இருக்கிறது வலப்பக்கம், செக்கு மாடு மாதிரி ஒரே சுத்து. 2 இறங்கி 6-க்குக் கீழே வரும், 4 மேலே ஏறும். இப்போ மேலே 6, 3, 4. கீழே 2, 1, 5. இப்படியே அஞ்சு வாரம். அஞ்சாவது தடவை நகர்த்தினா பழைய இடத்துக்கே வந்துடும்.

களம் யாருக்கு? நடு ஜோடியில் எப்பவும் மேலே இருக்கிறவங்க ஊர். வலது ஓர ஜோடியில் எப்பவும் கீழே இருக்கிறவங்க ஊர். 6 நிக்கிற ஜோடியில் மட்டும் ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே. எழுதிப் பார்த்தா இப்படி வரும் (முதலில் இருப்பது களம் கொடுக்கிற ஊர்):

முதல் வாரம்: 6–1, 2–5, 4–3
ரெண்டாம் வாரம்: 2–6, 3–1, 5–4
மூணாம் வாரம்: 6–3, 4–2, 1–5
நாலாம் வாரம்: 4–6, 5–3, 2–1
அஞ்சாம் வாரம்: 6–5, 1–4, 3–2

சந்தேகம் இருந்தா ஒவ்வொரு ஊரா பென்சிலால் டிக் பண்ணிப் பாருங்க. அஞ்சு எதிரியும் ஒரே தடவை வரணும். சொந்தக் களம் மூணு அல்லது ரெண்டு. அஞ்சு ஆட்டத்தை அதுக்கு மேல சமமா வெட்ட முடியாது. 2, 4, 6-க்கு மூணு. 1, 3, 5-க்கு ரெண்டு. அடுத்த வருஷம் இதே அட்டவணையில் களத்தை மட்டும் மாத்திப் போட்டா கணக்கு நேராயிடும்.

ஒண்ணாம் நம்பர் ஊர்க்காரங்க கேப்பாங்க: "எங்களுக்கு முதல் ரெண்டு வாரமும் வெளியூரா?" ஆமா. 3-க்கும் மூணாம், நாலாம் வாரம் அப்படித்தான். 2-க்கும் 4-க்கும் அடுத்தடுத்து ரெண்டு வாரம் சொந்த ஊர். இதைத் தவிர்க்கவே முடியாது. ஒரு வாரம் உள்ளூர், ஒரு வாரம் வெளியூர்னு பிசகாம மாறி மாறி ஆடணும்னா ரெண்டே வழிதான், உள்ளூர்ல ஆரம்பிக்கிறது, இல்லைன்னா வெளியூர்ல ஆரம்பிக்கிறது. ரெண்டு ஊர் ஒரே வழியில போனா, எல்லா வாரமும் ரெண்டு பேரும் ஒண்ணா உள்ளூர்ல இருப்பாங்க, ஒண்ணா வெளியூர்ல இருப்பாங்க. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் மோதறது எப்போ? அதனால ரெண்டு ஊருக்குத்தான் பிசகில்லாத வரிசை கிடைக்கும். மீதி நாலு ஊருக்கும் ஆளுக்கு ஒரு பிசகாவது வரும். இந்த அட்டவணையில் ஆளுக்கு ஒண்ணுக்கு மேல இல்லை.

வாத்தியார் கடைசியா ஒண்ணு காட்டினார், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1-ம் 2-ம் பாருங்க: ஒருத்தர் உள்ளூர்ல ஆடுற நாள் இன்னொருத்தர் வெளியூர். 3-க்கும் 4-க்கும் அப்படியே, 5-க்கும் 6-க்கும் அப்படியே. இக்கரையில ரெண்டு ஊருக்கு ஒரே களம்தான் இருக்கு. போன வருஷம் ஒரே சாயங்காலம் ரெண்டு பேரும் களத்துக்கு வந்து நின்னு, ராத்திரி பத்து மணி வரைக்கும் இழுத்துச்சு. இப்படி ஒரு ஜோடி எண்ணைக் கொடுத்துட்டா அந்தச் சண்டை வரவே வராது.

"ஆறு ஊர் இருந்தாத்தான் லீக், அஞ்சு வந்தா என்ன பண்றது?" என்றும் ஒருத்தர் கேட்டார். அஞ்சு இன்னும் நல்லது. 6-ஐ எடுத்துட்டு, அதோட மோத வேண்டியவங்க அந்த வாரம் ஓய்வுன்னு வெச்சுக்கணும். எல்லாருக்கும் நாலு ஆட்டம், ரெண்டு உள்ளூர், ரெண்டு வெளியூர், உள்ளூரும் வெளியூரும் மாறி மாறியே வரும். வாரம் மட்டும் அதே அஞ்சு ஆகும்.

பெரியவர் இன்னும் முழுசா ஒத்துக்கலை. "முன்னாடியே எல்லாம் தெரிஞ்சா சுவாரசியம் ஏது? வாராவாரம் சீட்டு எடுக்கிறதைப் பார்க்கவே அம்பது பேர் வருவான்" என்கிறார். அவர் சொல்றதிலும் உண்மை இருக்கு, அந்த அம்பது பேரில் நானும் ஒருத்தன். ஆனா பரீட்சைக்குப் போற பையனுக்கும், குட்டியானை பேச வேண்டியவனுக்கும் அஞ்சு வாரத் தேதி முன்னாடியே தெரியணும். சுவாரசியம் களத்துக்குள்ள இருக்கட்டும்.

பொங்கல் முடிஞ்சு எண் சீட்டு எடுக்கப் போறாங்க. போன வருஷம் நாலு ஆட்டம் சொந்தக் களத்தில் ஆடின எங்க ஊருக்கு 1, 3, 5-ல ஒண்ணைத்தான் கொடுக்கணும், அந்த அக்கரை ஊருக்கு 2, 4, 6-ல ஒண்ணைக் கொடுங்கன்னு கமிட்டியில சொல்லிட்டேன். எங்க ஊர்ப் பையன்கள் ரெண்டு நாளா என்கூடப் பேசறதில்லை.