“ஏற்கெனவே ஆள் இருக்கார் சார்”

கோவை மில்களுக்கு பேரிங் விற்ற காலத்தில் நான் அதிகம் கேட்ட பதில், “எங்களுக்கு சப்ளையர் இருக்கார், திருப்தியா இருக்கு சார்.” உடனே விலையைக் குறைப்பது வீண். நம் கொட்டேஷனைக் காட்டிப் பழையவரிடமே குறைத்து வாங்கிவிடுவார்கள். அவரைக் குறை சொன்னால், அவரைத் தேர்ந்தெடுத்தவரையே குறை சொன்னதாகும்.

“அவரை மாத்த வேண்டாம் சார். எந்த பேரிங் வர நாளாகுது?” என்று ஸ்டோர்ஸில் கேட்பதே என் வழி. ஒரு மில்லில், தினமும் தேவைப்படும் 6205 அன்றே வந்துவிடுமாம். பெரிய ஃபேனுக்குப் போடும் 22212 வரத்தான் 10 நாளாம். அதில் இரண்டுக்கு மட்டும் ஆர்டர் வாங்கி, மூன்றாம் நாளே கொடுத்தேன். அடுத்த என்கொயரி எனக்கும் வந்தது.

அப்படி ஒன்றையும் சொல்லாதவர் உண்மையிலேயே திருப்தியானவர். அவரிடம் கார்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதே மரியாதை.