கோப்பை அழிச்சா போதுமா? பூட்டை மாத்துங்க!

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. ரகசியத் திறப்பைத் தவறுதலா கிட்ஹப்பில் ஏத்திட்டா, அந்தக் கோப்பை அழிச்சிட்டு "சரி, முடிஞ்சுது" என்கிறோம். முடியவில்லை. கிட் பழையதை மறக்காது. இந்த ஒரு வரியை அடிச்சா, அழிச்ச கோப்பு அப்படியே வந்து நிற்கும்:

```
git log -p -- .env
```

தேடுறது மனிதர்கூட இல்லை. புதுசா ஏறும் பொதுக் கோப்புகளை பாட்டுகள் ஓயாமல் துழாவுகின்றன. அமேசானின் நிரந்தரத் திறப்புகள் `AKIA` என்று தொடங்கும். கண்டுபிடிக்க நிமிடங்கள் போதும்.

"எங்கட சின்ன வேலையை ஆர் பாக்கப்போறான்?" என்பவர்களுக்கு டொயோட்டாவின் கதை. 2017 டிசம்பரில் அதன் ஒப்பந்த நிறுவனம் ஒன்று, டி-கனெக்ட் சேவையின் நிரலில் ஒரு பகுதியைப் பொதுவில் ஏற்றிவிட்டது. உள்ளே சேர்வர் திறப்பு. 2022 செப்டம்பர் 15 வரை அது அங்கேயே கிடந்தது. 296,019 வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகள் ஆபத்தில். திறப்பை மாத்தினது 17ஆம் திகதி. யாராவது உள்ளே போனார்களா என்று நிறுவனத்தாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுத் திறப்பு தொலைஞ்சா பூட்டைத்தானே மாத்துறம்? இங்கேயும் அதுதான் முதல் வேலை. பழைய திறப்பை உடனே செல்லாததாக்கி, புதிசு எடுத்து, யார் நுழைந்தது என்று பதிவுகளைப் பாருங்க. வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி. புதுத் திறப்பு நிரலுக்குள் வேண்டாம். சேர்வரின் சூழல் மாறியில் இருக்கட்டும். `.env` என்ற பெயர் முதல் கமிட்டிலேயே `.gitignore` உள்ளே போகட்டும். படிக்க மட்டும் தேவையான திறப்புக்கு அழிக்கும் உரிமை எதுக்கு?

அழிச்சிட்டம் என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீங்க. மாத்தினீங்களா?