வாங்காத கடன் சிபில் அறிக்கையில் இருந்தால்...

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் அருகே திருமண்டங்குடி சர்க்கரை ஆலை முன்பு கரும்பு விவசாயிகள் 2022 நவம்பரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று, ஆலையின் முந்தைய நிர்வாகம் தங்களுக்குத் தெரியாமலேயே தங்கள் பெயரில் வங்கிகளில் கடன் பெற்றுவிட்டது என்பது. நிலுவைப் பாக்கி ஒருபுறம் இருக்க, கைக்கு வராத பணத்துக்குக் கடனாளி என்ற பெயர் மறுபுறம் வந்து சேர்ந்தது. அந்தப் பெயர் இருக்கும்வரை வேறு வங்கியில் பயிர்க் கடனோ டிராக்டர் கடனோ கேட்டுப் போனாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கும் சிபில் அறிக்கை கேட்பதை எதிர்த்து 2025இல் விவசாயச் சங்கங்கள் குரல் கொடுத்தன. அந்தக் கோரிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். தன் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தானே பார்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கலாம் என்பதால் நான்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் யாருடைய கடன் என்று பிரித்தறிக

தெரியாத கடன் ஒன்று கண்ணில் பட்டதும் மோசடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில நேரம் அது நம்முடைய கடனாகவே இருக்கும். சிண்டிகேட் வங்கியில் வாங்கியது இன்று கனரா வங்கி பெயரிலும், அலகாபாத் வங்கியில் வாங்கியது இந்தியன் வங்கி பெயரிலும் தெரியும். விவசாய நகைக் கடனும், மகளிர் குழு வழியாக வாங்கிய கடனும் நாம் எதிர்பார்க்காத தலைப்பில் இருக்கலாம். Ownership என்ற இடத்தில் Guarantor என்றிருந்தால், உறவினருக்கோ பக்கத்து நிலத்துக்காரருக்கோ எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்து அது.

இரண்டாவது வகை, ஆள் மாறிய பதிவு. ஒரே ஊரில் ஒரே பெயரும் தலைப்பெழுத்தும் கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாமல் ஜனவரி 1 என்று ஆவணங்களில் எழுதிக்கொண்டவர்களும் பலர். இவர்களில் ஒருவர் கடன் இன்னொருவர் அறிக்கையில் ஒட்டிக்கொள்வது உண்டு. அறிக்கையின் முகவரி, கைப்பேசி எண், பான் எண் பகுதியில் நமக்குச் சம்பந்தமில்லாத விவரம் இருந்தால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதுதான் நம் ஆவணங்களை வைத்து வேறொருவர் வாங்கிய கடன். பெயர், முகவரி, பான் எல்லாம் நம்முடையதாகவே இருக்கும். பணம் மட்டும் நம் கணக்குக்கு வந்திருக்காது. அறிக்கையின் Enquiries பகுதியையும் பாருங்கள். நாம் விண்ணப்பிக்காத நிறுவனம் நம் அறிக்கையைக் கேட்டிருந்தால், அடுத்த கடனுக்கு யாரோ முயல்கிறார்கள் என்பதற்கு அது முதல் அறிகுறி.

மறுப்பு மனு எப்படி?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கரும்பு விவசாயியின் அறிக்கையில், அவர் கணக்கே வைத்திராத வங்கியில் ரூ.3 லட்சம் விவசாயக் கடன், தவணை தவறியதாக இருக்கிறது. அவர் மார்ச் 3ஆம் தேதி இரண்டு வேலைகளைச் செய்கிறார். சிபில் இணையதளத்தில் அந்தக் கடனைத் தேர்வு செய்து, இது என்னுடையதல்ல என்று மறுப்புப் பதிவு செய்கிறார். தொகை தவறு, பாக்கி தவறு என்ற இடங்களைத் தொடவில்லை. தொகையை மறுத்தால், கடன் என்னுடையதுதான், கணக்குதான் தப்பு என்று பொருளாகிவிடும்.

அதே நாளில் வங்கிக் கிளைக்கும் எழுத்துமூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குகிறார். கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், இணைக்கப்பட்ட அடையாள ஆவணங்கள் ஆகியவற்றின் நகலைக் கேட்கிறார். இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று: கடன் தொகை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? ஆலை வழியாக ஏற்பாடு செய்யப்படும் கடன்களில் பணம் ஆலையின் கணக்குக்கே நேரடியாகப் போயிருக்கலாம். அந்த ஒரு வரி ஆதாரம் பல வாதங்களுக்குச் சமம்.

கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. வங்கியைக் கேட்டுத்தான் திருத்தும். வங்கி 21 நாட்களுக்குள் திருத்திய விவரத்தை அனுப்ப வேண்டும்; மொத்தம் 30 நாட்களுக்குள் புகார் முடிய வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நம் எடுத்துக்காட்டில் ஏப்ரல் 2ஆம் தேதி 30 நாள் முடிகிறது. ஏப்ரல் 20இல்தான் பதிவு நீங்கியது என்றால் 18 நாள் தாமதத்துக்கு ரூ.1,800 அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வங்கி தாமதித்திருந்தால் வங்கியும், கடன் தகவல் நிறுவனம் தாமதித்திருந்தால் அந்த நிறுவனமும் இதைத் தர வேண்டும்.

சிக்கல் எங்கே?

இந்த இழப்பீடு தாமதத்துக்கு மட்டுமே. பதிவு சரிதான் என்று வங்கி பத்தாவது நாளிலேயே பதில் அனுப்பிவிட்டால், புகார் முடிந்ததாகக் கணக்கு. இழப்பீடும் இல்லை, பதிவும் நீங்காது. கையெழுத்து உண்மையா போலியா என்று ஆராய்வது கடன் தகவல் நிறுவனத்தின் வேலையல்ல. வெட்டு உத்தரவு, மானியம் என்று சொல்லி வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து வங்கிக் கோப்பில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

நிராகரித்தால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். அதை எழுத்தில் பெற்று, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்; கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வங்கி 30 நாட்கள் பதிலே தராவிட்டாலும் இங்கே போகலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இவரது வரம்பில் வராது. அங்கே நடந்த முறைகேட்டுக்குக் கூட்டுறவுத் துறை இணைப்பதிவாளரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆவணம் போலி என்றால் காவல் நிலையப் புகாரும், செயலி வழிக் கடன் என்றால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகாரும் தேவை. உரிமையியல் வழக்காக நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார் என்பதால் எது முதலில் என்று யோசித்துச் செய்ய வேண்டும்.

இடையில் வங்கியோ வசூல் முகவரோ, கொஞ்சம் கட்டி ஒரே தவணையில் முடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஆயிரம் ரூபாய் கட்டினாலும், சமரசக் கடிதத்தில் கையெழுத்திட்டாலும் அது கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும். அறிக்கையிலும் பதிவு நீங்காது. Settled என்று மாறி நிற்கும். அடுத்த வங்கி அதையும் குறையாகத்தான் பார்க்கும்.

பதிவு நீங்கியதாகத் தகவல் வந்த பிறகும், ஒரு மாதம் கழித்துப் புதிய அறிக்கை எடுத்துப் பாருங்கள். கடன் விவரங்களை வங்கிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து அனுப்புகின்றன. வங்கியின் சொந்தக் கணக்கில் திருத்தாமல் விட்டிருந்தால், நீக்கிய கடன் அடுத்த பட்டியலோடு மீண்டும் வந்து உட்கார்ந்துவிடும். அப்போது பழைய புகார் எண்ணும் ஒப்புகைச் சீட்டும்தான் கைகொடுக்கும்.