ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை

போன மாதம் ஜாசினில் ஒரு தாமான் வீட்டுக்குப் போயிருந்தேன். இருபது வருடம் தோட்டத்து லயத்தில் இருந்துவிட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த குடும்பம். வீட்டுக்கென்று போட்ட முதல் இணைய லைன் அது. "மோடம் கெட்டுப்போச்சு தம்பி. ஒரு போன்ல வருது, இன்னொன்னுல வரல. நேத்து வந்த போன்ல இன்னிக்கு வரல" என்றார் அந்த அம்மா. பெட்டியை மாற்றித் தரும்படி ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள்.

மோடம் கெடவில்லை. மோடத்துக்கும் அந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் விளக்கு எரிகிற எல்லாப் பெட்டியையும் மோடம் என்று சொல்லிப் பழக்கியவர்கள் நாம்தான்.

ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் அந்தச் சொல் சரியாக இருந்தது. செம்புத் தொலைபேசிக் கம்பியில் வருகிற சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தந்தது மோடம். 2010 மார்ச்சில் யுனிஃபை வந்த பிறகு, கண்ணாடி இழையில் வருகிற ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் பெட்டி அந்த இடத்தைப் பிடித்தது. வெளியிலிருந்து வரும் லைனை வீட்டுக்குள் பேசவைப்பதோடு அதன் வேலை முடிகிறது.

வெளியிலிருந்து கிடைப்பது ஒரே இணைப்பு. அதை வீட்டில் உள்ள எல்லாப் போன்களுக்கும் தொலைக்காட்சிக்கும் பங்கு வைப்பது ரவுட்டர். ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரி கொடுப்பதும், வெளியே போக வழி எது என்று சொல்வதும் அதுதான். ஆக்சஸ் பாயிண்ட் முகவரி எதுவும் கொடுப்பதில்லை. கம்பியில் வருவதை வைஃபை அலையாக்கி வீசுகிறது, அவ்வளவுதான். இன்று வீட்டில் பொருத்துகிற பெட்டிகள் பலவற்றில் இந்த மூன்றும் ஒன்றாகவே இருப்பதால், வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

அந்த வீட்டில் பெட்டி முன்கூடத்தில் இருந்தது. மகள் படிக்கும் அறை பின்னால், சமையலறையை ஒட்டி. இடையில் இரண்டு செங்கல் சுவர். அங்கே வைஃபை எட்டவில்லை என்று யாரோ இன்னொரு ரவுட்டரை வாங்கி, கேபிள் இழுத்துப் பொருத்தியிருந்தார்கள். வேண்டியிருந்தது ஓர் ஆக்சஸ் பாயிண்ட். வைத்திருந்தது இரண்டாவது ரவுட்டர். கேபிளையும் தனி நிறத்தில் இருக்கும் இணையத் துளையில் செருகாமல், மற்ற நான்கில் ஒன்றில் செருகிவிட்டார்கள்.

இப்போது ஒரே வீட்டில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர். முதல் பெட்டி 192.168.0.1, அது கொடுக்கும் முகவரி சரியானது. இரண்டாவது 192.168.1.1, அதுவும் முகவரி கொடுத்து, "வெளியே போக என் வழியாக வா" என்கிறது. ஆனால் அதன் இணையத் துளை காலி. எந்தப் பெட்டி முந்திப் பதில் சொல்கிறதோ, போன் அதை நம்பும். முதல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாலும் தவறான முகவரி கிடைக்கலாம், ஏனென்றால் முகவரி கேட்கும் குரல் கேபிள் வழியாக வீடு முழுக்கப் போகிறது. "நேத்து வந்தது இன்னிக்கு வரல" என்பதன் காரணம் இதுதான்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். முதல் பெட்டியில் சிவப்பு விளக்கு இல்லை. மடிக்கணினியைக் கேபிளில் நேராகச் செருகினேன், இரண்டாவது பெட்டியை அணைத்தேன், மடிக்கணினியில் இணையம் சீராக வந்தது. அப்படியானால் லைனும் மோடமும் நலம். பிறகு, இணையம் வராத போனின் வைஃபை விவரத்தைப் பார்த்தேன்: முகவரி 192.168.1 என்று தொடங்கியது.

இரண்டாவது பெட்டியின் முகவரியை 192.168.0.2 என்று மாற்றி, DHCP Server என்பதை அணைத்தேன். கேபிள் இருந்த துளையிலேயே இருந்தது. போன்களின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டதும் எல்லாவற்றிலும் இணையம் வந்தது. அமைப்பில் Access Point Mode இருக்கிற பெட்டியானால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கேபிளை இணையத் துளைக்கு மாற்றினாலும் இணையம் வந்திருக்கும். ஆனால் வீடு இரண்டு வலையாகப் பிரிந்து, பின்னறைப் போன் முன்கூடத்துத் தொலைக்காட்சியைக் காணாமல் தவிக்கும். அதைத் தீர்வென்று நான் ஏற்பதில்லை.

இழை இன்னும் எட்டாத தோட்டங்களில் சிம் அட்டைப் பெட்டிதான் வழி. அதிலும் இதே மூன்று வேலைதான், ஆனால் இடம் முரண்படுகிறது. மோடம் பகுதிக்குக் கோபுரத்தின் அலை கிடைக்கிற ஜன்னலோரம் வேண்டும். துத்தநாகத் தகட்டுக் கூரை அந்த அலையைத் தடுக்கும். வைஃபையோ ஆட்கள் உட்காரும் இடத்தில் வேண்டும். பெட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கேபிள் இழுத்து உள்ளே ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள்.

அடுத்த வீட்டில் வேலை முடித்துக் கிளம்புமுன், ஒவ்வொரு பெட்டியின் மேலும் அது செய்யும் வேலையைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பெட்டி முகவரி கொடுக்கிறது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.