50 வீதம் போனால் 50 வீதம் வந்து சரியாகாது



கொழும்பு பங்குச் சந்தை மீண்டும் ஏறியதிலிருந்து நம் ஊரிலும் பலர் கணக்குத் திறந்திருக்கிறார்கள். அதில் பிழை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் பலர் "எவ்வளவு இலாபம் வரும்" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். "எவ்வளவு இறங்கினால் நம்மால் எழும்ப ஏலாமல் போகும்" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது எங்கள் கருத்து.

கணக்கு வகுப்பில் வீதம் படிப்பிக்கும்போது பிள்ளைகள் எப்போதும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 100 ரூபா 50 வீதம் குறைந்தால் 50 ரூபா. அது மீண்டும் 50 வீதம் கூடினால் 75 ரூபாதான். 100 ஆவதற்கு 100 வீதம் கூட வேண்டும். இழப்பு பெரிய தொகையில் கணக்கிடப்படுகிறது, மீட்சியோ மிஞ்சிய சின்னத் தொகையில் தொடங்குகிறது. இழந்ததை மிஞ்சியதால் வகுத்துப் பாருங்கள். 10 வீதம் போனால் 11 வீதம் வந்தால் போதும். 20 போனால் 25 வேண்டும். 70 போனால் 233 வீதம் வேண்டும். முதலில் மெதுவாக ஏறும் இந்தக் கணக்கு, பாதியைத் தாண்டியதும் செங்குத்தாகிவிடுகிறது.

இது தாளில் மட்டும் உள்ள கணக்கல்ல. 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,400 அளவில் நின்றது. சில மாதங்களில் அது 7,200 அளவுக்கு வந்தது. ஏறக்குறைய 46 வீத வீழ்ச்சி. பழைய இடத்தைத் தொட 85 வீதத்துக்கும் மேல் ஏற வேண்டியிருந்தது. விழுந்தது சில மாதங்களில், எழும்பியது 2024 இன் இறுதியில். அதற்குள் அரிசியும் எண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று நமக்குத் தெரியும். அதற்கு முன், 2011 பெப்ரவரியில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்ட 2021 ஜனவரி வரை, பத்து வருடம் எடுத்தது.

அதே 46 வீத வீழ்ச்சியில் மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். மூவரிடமும் சொந்தப் பணம் 10 இலட்சம்.

முதலாமவர் முழுவதையும் பங்கில் போட்டார். மிஞ்சியது 5.4 இலட்சம். மீள 85 வீதம் வேண்டும்.

இரண்டாமவர் 5 இலட்சத்தைப் பங்கிலும், 5 இலட்சத்தை முதாரபா சேமிப்பிலும் வைத்தார். சேமிப்பின் இலாபத்தைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் மிஞ்சியது 7.7 இலட்சம். மொத்தப் பணத்தில் 30 வீதம் கூடினால் சரி.

மூன்றாமவர் மேலும் 5 இலட்சம் கடன் எடுத்து 15 இலட்சத்துக்கு வாங்கினார். பங்கின் பெறுமதி 8.1 இலட்சமானது. கடன் 5 இலட்சம் அப்படியே நிற்கிறது. சொந்தமாக மிஞ்சியது 3.1 இலட்சம். மீள 220 வீதத்துக்கும் மேல் வேண்டும். உண்மையில் அவர் அதுவரை காத்திருக்கவே விடப்பட மாட்டார். தரகர் பணம் கட்டச் சொல்வார், கட்டாவிட்டால் பங்கை விற்பார். சந்தை பிறகு ஏறினாலும் அவர் கையில் பங்கு இருக்காது. வட்டி ஹராம் என்பதால் மார்ஜின் கடனை ஒதுக்குபவர்களுக்கு, கணக்கும் அதே பக்கம்தான் நிற்கிறது.

சந்தை ஒன்றே, வீழ்ச்சியும் ஒன்றே. வித்தியாசம் வாங்கும் முன் எடுத்த முடிவில் இருந்தது. ஆகவே எல்லையையும் வாங்கும் முன்பே போட வேண்டும்.

அதற்கு ஒரு இலேசான வழி: மொத்தச் சேமிப்பில் எவ்வளவு போனால் தாங்குவோம் என்று முதலில் எழுதுங்கள். 10 இலட்சத்தில் 2 இலட்சம் என்று வைப்போம். நம் சந்தை பாதியாக விழக்கூடியது என்று எடுத்தால், பங்கில் போடக்கூடியது 4 இலட்சம் மட்டுமே. பாதியானாலும் போவது 2 இலட்சம், மீள வேண்டியது 25 வீதம்.

அந்த 4 இலட்சத்தையும் ஒரே கம்பனியில் போட வேண்டாம். சுட்டெண் திரும்பி வந்தது. ஆனால் தனிக் கம்பனி திரும்பி வரும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. ஒரு கம்பனியில் 40,000க்கு மேல் இல்லை என்று வைத்தால், அது முழுவதும் அழிந்தாலும் மொத்தத்தில் 4 வீதம்தான்.

"இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடுவேன்" என்ற எல்லையும் நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்ப ஏலாது. 2022 ஏப்ரலில் சந்தை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது, திறந்த அன்றே மீண்டும் சரிந்தது. சின்னக் கம்பனிகளின் பங்கை வாங்க ஆளே இல்லாத நாட்களும் உண்டு. விற்க நினைப்பது ஒன்று, விற்க முடிவது வேறு. எவ்வளவு போடுகிறோம் என்பது மட்டும்தான் முழுக்க நம் கையில் உள்ளது.

கடைசியாக, திகதி குறித்த பணத்தைப் பங்கில் போட வேண்டாம். அடுத்த வருட ஹஜ்ஜுக்கும் மகளின் கலியாணத்துக்கும் வைத்த சல்லியால் மூன்று வருடமும் பத்து வருடமும் காத்திருக்க ஏலாது.

வாங்க நினைப்பவர்கள் இன்றிரவு ஒரு தாளில் அந்த ஒரு தொகையை வீட்டாருடன் பேசி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால், இன்னும் வாங்கும் நேரம் வரவில்லை.