கடைப் பெயருக்கு மூன்று முகம்

லோகோ வேண்டும் என்று டிசைனரிடம் போகுமுன், கடைப் பெயரை மூன்று வகையாக அமைத்துப் பார்க்கக் கடைக்காரர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். 'கோமதி காபி' என்று ஒரு கடை இருப்பதாகக் கொள்வோம். முழுப்பெயரையும் எழுத்தாகவே நிறுத்துவது ஒரு வகை. அதைப் படம் வரையும் ஏஐ கருவியிடம் கேட்காதீர்கள். தமிழில் புள்ளியை விழுங்கிவிடலாம், இல்லாத எழுத்தை உருவாக்கலாம். பாலூ தம்பி, கேட்டமரான், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். முதலெழுத்தை மட்டும் முத்திரையாக்குவது அடுத்த வகை. இங்கேதான் தமிழ் சோதிக்கும். 'கோ' கொம்பும் காலுமாக அகலமாய் விரியும். சதுரத்தில் அடக்கினால் நடுவிலுள்ள 'க' சிறுத்துப்போகும். கொம்பை வெட்டினால் அது 'கா' ஆகிவிடும். மூன்றாவது, வட்டத்துக்குள் டபராவும் அதைச் சுற்றிப் பெயரும் வைத்த சின்னம். அந்த டபரா படத்துக்கு மட்டும் ஏஐ உதவும். மூன்றையும் கறுப்பு ஒற்றை நிறத்தில், ஒரே தாளில், இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்செடுத்துக் கைநீட்டும் தூரத்தில் பாருங்கள். பெரும்பாலும் வட்டச் சின்னத்தின் எழுத்துதான் முதலில் மங்கும். பெயர்ப்பலகையில் அழகாக நின்றது காபித்தூள் பொட்டலத்திலும் பில்லிலும் தோற்பது இப்படித்தான். தேறியதையும் தேறாததையும் காரணத்தோடு டிசைனரிடம் கொடுங்கள். அப்படியே வரைந்து தரச் சொல்லாதீர்கள். எங்கெல்லாம் அச்சாகும் என்று சொல்லிவிட்டு, வரைவதை அவரிடம் விடுங்கள்.